மீள்திறன் பற்றிய கருத்துப் பகுப்பாய்வு: எது பண்பு, எது விளைவு?

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் முதலாண்டு படிக்கிறேன். செவிலியர்களின் மீள்திறன் பற்றி வாக்கர்–அவான்ட் முறையில் கருத்துப் பகுப்பாய்வு எழுதிக் கொடுத்தேன். 12 பண்புகள் வைத்திருந்தேன். "பண்பும் விளைவும் கலந்து கிடக்கின்றன, மாதிரி நிகழ்வு வெறும் கதை" என்று எழுதி வழிகாட்டி திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே திருத்துவது?

பதில்:

முதல் வேலையாக அந்தப் பட்டியலில் கை வையுங்கள். பன்னிரண்டும் வெவ்வேறு கட்டுரைகளிலிருந்து திரட்டியவை என்று நினைக்கிறேன். ஒருவர் நகைச்சுவை உணர்வைச் சேர்த்திருப்பார், இன்னொருவர் ஆன்மிகத்தை, மற்றொருவர் நம்பிக்கையை. எல்லாவற்றையும் சேர்த்தால் கிடைப்பது ஒரு நல்ல செவிலியரின் வர்ணனைதான், மீள்திறனின் வரையறை அல்ல. வரையறுக்கும் பண்பு என்றால், அந்தக் கருத்து தென்படும் ஒவ்வொரு இடத்திலும் அது இருந்தாக வேண்டும். எல்லாப் பண்புகளும் ஒன்றாகச் சேரும்போது பக்கத்துக் கருத்துகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டவும் வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளையும் கடுமையாகப் பிடித்தால் மூன்று முதல் ஐந்து பண்புகளுக்குமேல் தேறாது.

வழிகாட்டி சொன்ன இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றே. ஜான் வில்சன் 1963இல் முன்வைத்த 11 படிகளைத்தான் வாக்கரும் அவான்ட்டும் எட்டாகச் சுருக்கி நர்சிங்குக்குக் கொண்டுவந்தார்கள்: கருத்தைத் தேர்ந்தெடுத்தல், நோக்கத்தை வகுத்தல், பயன்பாடுகளைத் தேடுதல், பண்புகளை வரையறுத்தல், மாதிரி நிகழ்வு, பிற நிகழ்வுகள், முன்நிகழ்வுகளும் பின்விளைவுகளும், கடைசியாக அளவிடும் சான்றுகள். புத்தகத்தில் இப்படி வரிசையாக இருப்பதால், மாணவர்கள் நான்காம் படியில் பண்புகளைப் பூட்டிவிட்டு, ஐந்தாம் படியில் அவற்றுக்கு ஒரு கதையைத் தைக்கிறார்கள். இந்தப் படிகள் முன்னும் பின்னும் போய்வர வேண்டியவை என்று வாக்கரும் அவான்ட்டுமே சொல்கிறார்கள். நிகழ்வுகளை எழுதுவது பண்புகளைச் சோதிப்பதற்காக. சோதனையில் தோற்ற பண்பை நீக்கிவிட்டு நான்காம் படியைத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தம் நடக்கவே இல்லையென்றால் ஆறாம் படி வெறும் இடநிரப்பல்.

பண்புகளுக்குப் போகும் முன் நோக்கத்தை ஒடுக்கிக்கொள்ளுங்கள். "செவிலியர்களின் மீள்திறன்" என்பதில் மாணவச் செவிலியர், அனுபவமுள்ள ஊழியர், ஒரு மருத்துவமனையின் மொத்தச் செவிலியர் பிரிவு என்று பலரும் அடங்குவார்கள். எல்லோருக்கும் பொருந்தும் பண்பு யாரையும் அடையாளம் காட்டாது. நான் இங்கே எடுத்துக்கொள்வது, எதிர்பாராத ஒரு நோயாளி மரணத்துக்குப் பின் வார்டில் பணியைத் தொடரும் ஸ்டாஃப் நர்ஸின் மீள்திறன். பின்னால் ஆய்வேட்டுக்கு அளவுகோல் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒடுக்கம் கைகொடுக்கும்.

பயன்பாடுகள் பகுதியைப் பெரும்பாலோர் அகராதி மேற்கோள்களால் நிரப்புகிறார்கள். அங்கே எழுதும் ஒவ்வொன்றும் பின்னால் ஒரு பண்பாகவோ ஒரு நீக்கலாகவோ மாற வேண்டும், இல்லாவிட்டால் வெட்டிவிடலாம். இயற்பியலில் பொருள் அழுத்தம் நீங்கியதும் பழைய வடிவுக்கே திரும்புகிறது. மனிதர் அப்படித் திரும்புவதில்லை என்பதால் "முன்பிருந்த நிலைக்கே திரும்புதல்" என்ற சொற்றொடரை வரையறையில் வைக்கக் கூடாது என்று தெரிகிறது. சூழலியலில் ஹோலிங் 1973இல் இந்தச் சொல்லைக் கையாண்டபோது, மாற்றத்தை உள்வாங்கியும் தன் அடிப்படை உறவுகள் சிதையாமல் நீடிக்கும் அமைப்பைப் பற்றிப் பேசினார். நெகிழ்வு என்ற பண்புக்கு வித்து அங்கே கிடைக்கிறது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னரும் குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சிக்கல் போன்ற பல இடர்களோடு வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறமையான, அக்கறையுள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்டவற்றில் ஒன்று, நம்பிக்கையான ஒரு பெரியவரோடு இருந்த நெருக்கம். ஆதரவு என்ற பண்பு இங்கிருந்து வருகிறது. இந்தப் பகுதிக்கு இவ்வளவு போதும்.

இப்போது சல்லடை. பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, இது நிகழ்வுக்கு முன்பே இருக்க வேண்டியதா என்று கேளுங்கள். ஆமென்றால் அது முன்நிகழ்வு. எல்லாம் முடிந்த பிறகு கிடைப்பதா? அப்படியானால் பின்விளைவு. இரண்டும் இல்லையென்றால் கடைசிக் கேள்வி: இதை எடுத்துவிட்டால் மிஞ்சுவதை இன்னும் மீள்திறன் என்று சொல்ல முடியுமா? முடியுமென்றால் அது பண்பே அல்ல.

"துன்பம்" முதல் கேள்வியிலேயே முன்நிகழ்வுக்குப் போய்விடும். "பணிச்சோர்வு குறைதல்", "வேலையை விடாமல் நீடித்தல்" இரண்டும் பின்விளைவுகள். மாணவர் கட்டுரைகளில் அதிகம் கலப்பது இவைதான். நகைச்சுவையை 2007இல் வந்த ஏர்வோலினோ–ராமிரெஸின் பகுப்பாய்வு பண்பாகவே வைத்திருக்கிறது. ஆனால் சிரிக்கவே தெரியாத, மிக நன்றாக மீண்டுவந்த செவிலியர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் ஒடுக்கிய நோக்கத்துக்கு அது கடைசிக் கேள்வியில் விழுகிறது. அச்சில் வந்த கட்டுரையோடு உடன்படாமல் இருக்கலாம், காரணத்தைக் கட்டுரையில் எழுதிவிட வேண்டும், அவ்வளவே.

இரண்டு சொற்கள் மட்டும் உண்மையிலேயே சிக்கலானவை. ஒன்று ஆதரவு. கணவர், தோழி, வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் என ஆதரவானவர்கள் இருப்பது நிகழ்வுக்கு முந்தைய சூழ்நிலை, ஆகவே முன்நிகழ்வு. அவர்களிடம் போய் வாய் திறப்பது அந்த நேரத்தில் அவர் செய்யும் செயல், அதுதான் பண்பு. எனவே "சமூக ஆதரவு" என்று எழுதாமல் "ஆதரவை நாடிப் பயன்படுத்துதல்" என்று எழுதுங்கள். ஒரு வினைச்சொல்லைச் சேர்த்ததும் அது இருக்க வேண்டிய இடம் தெளிவாகிறது.

மற்றொன்று மீண்டெழுதல். மீண்டதால் மீள்திறன் இருக்கிறது, மீள்திறன் இருந்ததால் மீண்டார் என்று வட்டமடிக்கும் கட்டுரைகள் ஏராளம். இதை அவிழ்க்க, மீண்டெழுதலை ஒரு நிலையாகப் பார்க்காமல் ஒரு போக்காகப் பாருங்கள். செயல்பாட்டில் ஒரு சரிவு இருந்தது, அது படிப்படியாக நிமிர்ந்தது, நடந்ததை மறக்காமலே நிமிர்ந்தது. இந்தப் போக்கு பண்பு. போக்கின் முடிவில் வந்து சேரும் தேர்ச்சியும் நல்ல தகவமைவும் பின்விளைவு. சரிவே இல்லாத இடத்தில் மீண்டெழுதல் என்ற பேச்சுக்கு இடமில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாதிரி நிகழ்வில் அது தேவைப்படும்.

ஆக நான் வைத்துக்கொள்வது நான்கு: சரிவிலிருந்து மீண்டெழும் போக்கு, தன்திறன் நம்பிக்கை, செய்முறையை மாற்றிக்கொள்ளும் நெகிழ்வு, ஆதரவை நாடிப் பயன்படுத்துதல். தன்திறன் நம்பிக்கையைப் பண்டூரா சொன்ன பொருளில் கொள்ளுங்கள். அது தன்னைப் பற்றிய பொதுவான பெருமித உணர்வு அல்ல. குறிப்பிட்ட ஒரு வேலையை என்னால் செய்ய முடியும் என்ற எண்ணம்.

இனி மாதிரி நிகழ்வு. உங்களுடையது கதையாகப் படுவதற்குக் காரணம், பண்புகளைப் பெயரடைகளாக அதில் தூவியிருப்பீர்கள்: "தன்னம்பிக்கையும் நெகிழ்வும் கொண்ட செவிலியர் அவர்." பண்பு செயலில் தெரிய வேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

செல்வி ஆண்கள் மருத்துவ வார்டில் இரவுப் பணியில் இருக்கிறார். டெங்குவோடு ஐந்தாம் நாளாகச் சேர்ந்திருக்கும் 34 வயது நோயாளிக்கு மாலையில்தான் காய்ச்சல் விட்டிருக்கிறது. குடும்பமும் நிம்மதியாக இருக்கிறது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லி ஆர்டர். இரவு 10 மணிக்கு இரத்த அழுத்தம் 110/80. அதிகாலை 2 மணிக்குப் பார்க்கும்போது 94/76, கைகால்கள் சில்லிட்டிருக்கின்றன. உடனே டியூட்டி டாக்டரை அழைக்கிறார். திரவம் ஏற்றி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுகிறார்கள். விடியும் முன் நோயாளி இறந்துவிடுகிறார். அடுத்த சில நாட்கள் செல்விக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரே மருந்துக் குப்பியை மூன்று முறை எடுத்துப் பார்க்கிறார், மருந்துச் சுற்று தாமதமாகிறது, அந்தப் படுக்கை இருக்கும் வரிசைக்குப் போகாமல் தவிர்க்கிறார். வார இறுதியில் இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய், "சிஸ்டர், அன்றைய சார்ட்டை என்னோடு உட்கார்ந்து ஒருமுறை பார்க்கிறீர்களா?" என்று கேட்கிறார். இருவரும் வரிவரியாகப் பார்க்கிறார்கள். ஆர்டர்படி எதுவும் தவறவில்லை என்பதும், காய்ச்சல் விடும் நேரம்தான் டெங்குவில் ஆபத்தான கட்டம் என்பதால் அந்த நான்கு மணி நேர இடைவெளி நீளம் என்பதும் தெரிகிறது. அதன் பிறகு, காய்ச்சல் விட்ட டெங்கு நோயாளிகளுக்கு மணிக்கு ஒருமுறை பார்க்க மருத்துவரிடம் கேட்டு ஆர்டரை மாற்றிக்கொள்கிறார். இரண்டு இரத்த அழுத்த எண்களுக்கும் உள்ள இடைவெளியைத் தனியாகக் குறித்து, 20க்கு வந்தாலோ குறைந்தாலோ உடனே சொல்கிறார். ஷிப்ட் ஒப்படைக்கும்போதும் அதைச் சொல்கிறார். இரண்டு வாரம் கழித்து அதே படுக்கைக்கு இன்னொரு டெங்கு நோயாளி வருகிறார். பணி பிரிக்கும்போது, "அந்த பெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் செல்வி. மருந்துச் சுற்று பழையபடி நேரத்துக்கு முடிகிறது. இறந்தவரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

இதற்குக் கீழே ஒரு பத்தியில் எந்த வரி எந்தப் பண்பைக் காட்டுகிறது என்று பிரித்துக் காட்டுங்கள். தூக்கமின்மையும் தாமதமான மருந்துச் சுற்றும் சரிவு. சுற்று நேரத்துக்குத் திரும்பியது மீண்டெழும் போக்கு. சார்ட்டைச் சேர்ந்து பார்க்கச் சொன்னது ஆதரவை நாடுதல். கண்காணிக்கும் முறையை மாற்றியது நெகிழ்வு. படுக்கையைத் தானே கேட்டு வாங்கியது தன்திறன் நம்பிக்கை. நிகழ்வு சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, பண்புகளின் பெயரைச் சொல்லாமல் இரண்டு வகுப்புத் தோழிகளிடம் கொடுத்து, இவர் என்னென்ன செய்தார் என்று அடிக்கோடிடச் சொல்வது. நீங்கள் நினைத்த பண்பு அவர்கள் கோட்டுக்குள் வரவில்லையென்றால், அது உங்கள் மனதில் இருக்கிறது, நிகழ்வில் இல்லை.

நர்சிங் நுணுக்கங்களை விடாதீர்கள். தேர்வாளர் ஒரு செவிலியர். "ஒரு நோயாளி இறந்தார், அவர் வருந்தினார்" என்று எழுதினால் அது வங்கி ஊழியருக்கும் பொருந்தும். உண்மையான ஒருவரின் அனுபவத்தை எடுத்தால் வார்டு, தேதி, நோய் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். கற்பனையாக அமைத்தால் அப்படியே சொல்லிவிடுங்கள், இந்த முறையில் அதற்கு அனுமதி உண்டு. களத் தரவிலிருந்துதான் உதாரணம் வர வேண்டும் என்று உங்கள் துறை வலியுறுத்தினால், ராட்ஜர்ஸின் பரிணாம முறை அதிகம் பொருந்தும். ஆனால் அது வேறு பாதை. இரண்டையும் ஒரே கட்டுரையில் கலக்காதீர்கள்.

பிற நிகழ்வுகளில்தான் உண்மையான வேலை. எல்லை நிகழ்வில் ஒரு பண்பு மட்டும் குறைய வேண்டும். செல்வியைப் போலவே எல்லாம் செய்த, ஆனால் யாரிடமும் வாய் திறக்காத ஒரு செவிலியரை எழுதிப் பாருங்கள். தானே சார்ட்டைப் புரட்டினார், தானே முறையை மாற்றினார், தானே அந்தப் படுக்கைக்குத் திரும்பினார். இவரை மீள்திறன் உள்ளவர் என்று சொல்ல உங்களுக்கு ஆசையாக இருக்கிறதா? இருந்தால் நான்காவது பண்பு சந்தேகத்துக்குரியது. நானும் இங்கே சற்றுத் தயங்குகிறேன். தனியாகப் பார்த்ததில் அவர் தன் குற்ற உணர்வைச் சரிபார்க்க ஆளில்லை. ஆர்டர்படி எதுவும் தவறவில்லை என்று சொல்ல இன்னொரு கண் இல்லை. அந்தச் சரிபார்ப்பு இல்லாமல் வந்த மீட்சி அடுத்த மரணத்தில் குலையக்கூடும் என்பது என் வாதம், ஆகவே பண்பை வைத்துக்கொள்கிறேன். நீங்கள் மறுபக்கம் வாதாடி மூன்று பண்புகளோடு நிறுத்தினாலும் நல்ல வழிகாட்டி ஏற்றுக்கொள்வார். அந்த வாதம் எழுத்தில் இருப்பதைத்தான் பார்ப்பார்.

தொடர்புடைய நிகழ்வுக்கு இரண்டு கருத்துகளைப் பரிந்துரைப்பேன். ஒன்று, கோபாசா 1979இல் ஆய்வு செய்த உளத்திண்மை: ஈடுபாடு, கட்டுப்பாட்டு உணர்வு, மாற்றத்தைச் சவாலாகக் காண்பது. அந்த மரணத்துக்குப் பின் சரியவே சரியாமல் மறுநாளே வழக்கம்போல் வேலை பார்க்கும் செவிலியர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தன்திறன் நம்பிக்கை அவரிடம் உண்டு. சரிவு இல்லாததால் மீண்டெழுதல் இல்லை.

மற்றொன்று சகிப்பு. இதை எழுதாமல் விடாதீர்கள், ஏனென்றால் நம் வார்டுகளில் மீள்திறன் என்று பாராட்டப்படுவது பெரும்பாலும் இதுதான். ஆள் குறைவான மாதத்தில் இரட்டை ஷிப்ட் பார்க்கிறார், விடுப்புக் கேட்பதில்லை, எதற்கும் முகம் சுளிப்பதில்லை, நான்கு பேர் செய்ய வேண்டியதைத் தனியாகச் செய்கிறார். மேலதிகாரி அவரை எல்லோருக்கும் முன்மாதிரியாகக் காட்டுகிறார். நான்கு பண்புகளையும் வைத்துப் பாருங்கள். முறையில் மாற்றம் இல்லை, ஆதரவை நாடவில்லை, செயல்பாடு நிமிரவில்லை, தேய்ந்துகொண்டே போகிறது. இந்த ஒரு நிகழ்வு உங்கள் பகுப்பாய்வு எதற்குப் பயன்படுகிறது என்பதைக் காட்டிவிடும். ஆள் பற்றாக்குறையைத் தாங்குவதை மீள்திறன் என்று பெயரிட்டால், நிர்வாகத்தின் பொறுப்பு செவிலியரின் குணமாக மாறிவிடுகிறது. முன்நிகழ்வுகள் பகுதியில் "துன்பம்" என்று ஒற்றைச் சொல்லாக விடாமல், அதன் மூலத்தையும் எழுதச் சொல்வது இதனால்தான்: நோயாளி மரணம், ஆள் குறைவு, வன்முறை, எது என்று.

எதிர் நிகழ்வில் ஒரு கெட்ட செவிலியரை எழுதும் பழக்கம் உண்டு. அது தேவையற்றது, நியாயமும் அல்ல. அதே மரணத்துக்குப் பின் மாதங்கள் கடந்தும் மருந்துச் சுற்றில் தடுமாறுகிறார், தோழிகள் பேச வந்தால் விலகுகிறார், டெங்கு நோயாளி வந்தால் வேறொருவரோடு மாற்றிக்கொள்கிறார், "என்னால் முடியாது" என்கிறார். நான்கு பண்புகளும் இல்லை. அவர் மேல் குற்றமும் இல்லை. வெளிநோயாளர் பிரிவுக்கு மாற்றல் கேட்டார் என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். யோசித்து எடுத்த மாற்றல் நெகிழ்வாகவும் இருக்கலாம் என்பதால் நிகழ்வு குழம்பிவிடும்.

முன்நிகழ்வுகளில் துன்பத்தோடு, அதைத் துன்பமாக அவர் உணர்வதையும், அணுகக்கூடிய ஒருவராவது இருப்பதையும் சேருங்கள். பின்விளைவுகளாகத் திறம்படச் சமாளித்தல், தேர்ச்சி, நல்ல தகவமைவு ஆகிய மூன்றையும் இலக்கியம் பரவலாக ஏற்கிறது. சல்லடையில் விழுந்த பணிச்சோர்வுக் குறைவுக்கும் பணியில் நீடிப்பதற்கும் இடம் இங்கேதான்.

கடைசிப் படியில் ஒரு பொறி இருக்கிறது. அளவிடும் சான்றுகள் பண்புகளுக்கானவை. மாஸ்லாக் பணிச்சோர்வு அளவுகோலை அங்கே வைத்தால் நீங்கள் அளப்பது பின்விளைவை. கிடைக்கும் மீள்திறன் அளவுகோல்களையும் உங்கள் பண்புகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். 2008இல் வந்த சுருக்கமான மீள்திறன் அளவுகோலில் ஆறே கூற்றுகள். அவை எல்லாமே மீண்டுவருவதைத்தான் கேட்கின்றன, ஆதரவை நாடுவதைத் தொடுவதில்லை. வாக்னில்ட்–யங் அளவுகோலில் (1993) 25 கூற்றுகள், மதிப்பெண் 25 முதல் 175 வரை. அதன் சாய்வு தனிமனிதத் திறன் பக்கம். கானர்–டேவிட்சன் அளவுகோலிலும் (2003) 25 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 100. நெருக்கமான உறவுகள் பற்றியும் மாற்றத்துக்கு ஏற்ப நடப்பது பற்றியும் அதில் கூற்றுகள் உண்டு என்பதால் நம் நான்கு பண்புகளுக்கு மூன்றில் இதுவே அருகில் வருகிறது. ஆனால் உறவு இருக்கிறதா என்று கேட்பதும் அதைப் பயன்படுத்தினீர்களா என்று கேட்பதும் வேறு. அந்த இடைவெளியைக் கட்டுரையில் சுட்டிக்காட்டி, சார்ட்டைச் சேர்ந்து பார்த்தல், பணி முடிந்ததும் நடந்ததைப் பேசுதல் போன்ற கண்ணால் காணக்கூடிய செயல்களை நேரடிக் குறிகளாகச் சேருங்கள். கானர்–டேவிட்சனைப் பயன்படுத்த உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஆய்வுத் திட்டம் எழுதும் முன்பே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.